மிகைநேரப் பணியின் விவரம் வேண்டி ஒரு கடிதம்

ஒரு தொழிலாளர், தமக்குரிய வேலை நேரம் முடிந்த பின்னும் ஆலையில் நின்று செய்யும் வேலை மிகைநேரப் பணி எனப்படும். வீடுகளில் இதனை ‘ஓவர்டைம்’ என்றும், சுருக்கமாக ‘ஓ.டி.’ என்றும் சொல்வதைக் கேட்டிருக்கலாம். இப்பணிக்கு உரிய ஊதியம், வழக்கமான மணிக்கூலியைப் போல இரு மடங்காக இருத்தல் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அதே இரு மடங்கை நிலைநிறுத்தியுள்ளன. எனினும், கைக்கு வந்த தொகை இரு மடங்குதானா என்பதைத் தொழிலாளர் தாமே சரிபார்க்க முடிவதில்லை. அதற்குத் தேவையான இரண்டு எண்கள் அவரிடம் இருப்பதில்லை என்பதே காரணம். அவ்விரண்டையும் எழுத்தில் கேட்டுப் பெறும் கடிதமே இப்பாடத்தின் பொருள்.

புனே நகரை அடுத்த போசரித் தொழிற்பேட்டையில், உதிரிப் பாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில், லேத் எனப்படும் கடைசல் பொறியை இயக்கும் தமிழர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். காலை 7 மணிக்கு அவருடைய முறை தொடங்குகிறது. இடையில் அரை மணி நேரம் உணவு இடைவேளை. பிற்பகல் 3.30 மணிக்கு முறை முடிகிறது. ஆக, நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை. வாரத்தில் ஆறு நாள் வேலை, ஞாயிறு விடுமுறை. அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 18,720 ரூபாய். வீட்டு வாடகைப்படியும் போக்குவரத்துப்படியும் சேர்ந்து 2,080 ரூபாய். மொத்தம் 20,800 ரூபாய்.

2026 ஜனவரி மாதத்தில் அவர் ஒன்பது நாள்கள் மாலை 5.30 மணி வரை நின்று வேலை செய்தார். நாளுக்கு 2 மணி வீதம் அது 18 மணி. அவற்றோடு, 18ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை முழு முறையும் வேலை செய்தார். அது 8 மணி. மொத்தம் 26 மணி. இவற்றைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் சிறு குறிப்பேட்டில் அவ்வப்போது எழுதி வைத்திருந்தார். பிப்ரவரியில் சம்பளச் சீட்டு வந்தது. அதில் ‘ஓ.டி. 3,600’ என்று ஒரே வரி இருந்தது. எத்தனை மணி என்றும் இல்லை. மணிக்கு எவ்வளவு என்றும் இல்லை.

இந்த 3,600 என்னும் எண்ணைச் சற்று ஆராய்ந்தால், கடிதம் ஏன் தேவைப்படுகிறது என்பது விளங்கும். மாதத்திற்கு 26 வேலை நாள்கள், நாளுக்கு 8 மணி என்று கொண்டால் 208 மணி ஆகிறது. மொத்த ஊதியமான 20,800 ரூபாயை 208ஆல் வகுத்தால் மணிக்கூலி 100 ரூபாய். அதன் இரு மடங்கு 200 ரூபாய். அவ்வீதப்படி 3,600 ரூபாய் என்பது 18 மணிக்கு உரிய தொகை. அடிப்படை ஊதியத்தையும் அகவிலைப்படியையும் மட்டும் கணக்கில் எடுத்தால் மணிக்கூலி 90 ரூபாய், இரு மடங்கு 180 ரூபாய். அப்போது அதே 3,600 ரூபாய் 20 மணிக்கு உரியதாகிறது. இரு மடங்குக்குப் பதிலாக ஒன்றரை மடங்கு, அதாவது 150 ரூபாய் கொடுத்திருந்தால் அது 24 மணிக்கு உரியது. ஒரே தொகைக்குப் பின்னே மூன்று வெவ்வேறு கணக்குகள் ஒளிந்திருக்க முடிகிறது. முதற்கணக்கில் வீதம் சரியானது, மணிகள் குறைந்துள்ளன. மூன்றாவதில் வீதமே சட்டத்திற்கு மாறானது. மணிகளும் இரண்டு குறைகின்றன. பெருக்கி வந்த விடையை மட்டும் காட்டினால், பெருக்கப்பட்ட எண்கள் எவை என்பது யாருக்கும் தெரியாது.

இந்நிலையில் தொழிலாளரின் மனம் இயல்பாகவே ஒரு முடிவுக்குத் தாவுகிறது. ஒன்பது மாலைகளுக்கு 18 மணி. 18ஐ 200ஆல் பெருக்கினால் சரியாக 3,600. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ஒன்றுமே தரவில்லை என்று அவர் கருதுகிறார். கணக்கு அழகாகப் பொருந்துவதால் அந்த எண்ணம் உறுதியும் பெறுகிறது. ஆயினும் இது ஓர் ஊகமே. ஊகத்தைக் குற்றச்சாட்டாக எழுதுவது இவ்வகைக் கடிதங்களில் பெரும்பாலும் நேரும் பிழை. ‘ஞாயிறு வேலைக்குக் கூலி தரவில்லை’ என்று எழுதினால், ‘தரப்பட்டுள்ளது’ என்ற ஒரே சொல்லில் மறுமொழி முடிந்துவிடலாம். அவ்விடத்திலேயே கதவு அடைபட்டுவிடும். விவரம் கேட்கும் கடிதத்திற்கோ விவரத்தைத்தான் மறுமொழியாகத் தர முடியும்.

கடிதத்தை யாருக்கு எழுதுவது என்பதும் எண்ணிப் பார்க்க வேண்டியது. மிகைநேரப் பணி பல ஆலைகளில் மூன்று இடங்களைக் கடந்தே பணமாகிறது. வேலை நடக்கும் இடத்தில் சூப்பர்வைசர் எனப்படும் மேற்பார்வையாளர், இன்னார் இன்ன நாளில் இத்தனை மணி நின்றார் என்று ஒரு சீட்டில் கையொப்பம் இடுகிறார். அச்சீட்டு நேர அலுவலகத்திற்குச் சென்று, வாயிலில் பதிவான வருகை நேரத்தோடு ஒப்பிடப்படுகிறது. பின்னர் ஊதியப் பிரிவு அந்த மணிகளை ஒரு வீதத்தால் பெருக்குகிறது. மணிகள் பிறக்கும் இடம் மேற்பார்வையாளரின் சீட்டு. வீதம் முடிவாகும் இடம் ஊதியப் பிரிவு. ஆகவே மேற்பார்வையாளருக்கே எழுதி, மணி விவரத்தை அவரிடமும், வீத விவரத்தை அவர் வழியாக ஊதியப் பிரிவிடமும் கேட்பது பொருத்தமானது. அவர் தம்மால் விடை சொல்ல முடியாத ஒன்றைக் கேட்டதாகச் சினமுற மாட்டார்.

ஒப்பந்தக்காரர் வழியாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. வேலை வாங்குபவர் ஆலையின் மேற்பார்வையாளர். சம்பளம் தருபவர் ஒப்பந்தக்காரர். இருவரும் ஒருவரை ஒருவர் சுட்டிக்காட்டுவர். இத்தகையோர் ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளருக்குக் கடிதம் எழுதி, அதன் படி ஒன்றை ஆலை நிருவாகத்திற்கும் கொடுத்தல் வேண்டும். ஒப்பந்தக்காரர் ஊதியம் தரத் தவறினால் அதனைத் தரும் பொறுப்பு முதன்மை வேலையளிப்பவரைச் சேரும் என்று சட்டம் கூறுவதே அதற்குக் காரணம்.

மேற்கண்ட தொழிலாளரின் கடிதம் பின்வருமாறு அமையலாம்.

அனுப்புநர்
(பெயர்),
கடைசல் பொறி இயக்குநர், டோக்கன் எண் 214,
பொறிப் பிரிவு, முதல் முறை.

பெறுநர்
மேற்பார்வையாளர் அவர்கள்,
பொறிப் பிரிவு.

நாள்: 12.02.2026

பொருள்: 2026 ஜனவரி மாத மிகைநேரப் பணியின் மணி விவரமும் ஊதிய வீதமும் எழுத்தில் வழங்க வேண்டுதல்.

ஐயா,

வணக்கம். ஜனவரி மாதத்திற்கான சம்பளச் சீட்டில் மிகைநேரப் பணிக்கென 3,600 ரூபாய் குறிக்கப்பட்டுள்ளது. எத்தனை மணிக்கு, என்ன வீதத்தில் இத்தொகை கணக்கிடப்பட்டது என்பது அதில் இல்லை.

என் குறிப்பின்படி, ஜனவரி 5, 6, 7, 12, 13, 19, 20, 21, 27 ஆகிய ஒன்பது நாள்களில் மாலை 3.30 முதல் 5.30 வரையிலும், ஜனவரி 18 ஞாயிற்றுக்கிழமை காலை 7 முதல் பிற்பகல் 3.30 வரையிலும் பணி செய்துள்ளேன். உணவு இடைவேளை நீங்கலாக மொத்தம் 26 மணி.

ஆலையின் பதிவேட்டில் என் பெயரில் எந்தெந்த நாளுக்கு எத்தனை மணி குறிக்கப்பட்டுள்ளது என்ற விவரத்தை வழங்குமாறு வேண்டுகிறேன். ஒரு மணிக்குரிய மிகைநேர வீதம் எவ்வளவு, அதனைக் கணக்கிட ஊதியத்தின் எந்தெந்தப் பகுதிகள் சேர்க்கப்பட்டன, மாதத்திற்கு எத்தனை நாள் எனக் கொள்ளப்பட்டது என்பவற்றையும் ஊதியப் பிரிவிடமிருந்து எழுத்தில் பெற்றுத் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பிப்ரவரி மாத ஊதியம் கணக்கிடப்படுவதற்கு முன், இம்மாதம் 23ஆம் நாளுக்குள் இவ்விவரம் கிடைப்பின், வேறுபாடு ஏதும் இருந்தால் அம்மாதத்திலேயே சரிசெய்ய வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இக்கடிதத்தில் நிகழ்ச்சிகளின் வருணனையோ மனக்குறையோ இல்லை என்பது முதலில் கண்ணில் படும். ‘சுமார்’ என்ற சொல்லும் இல்லை. ‘சுமார் 25 மணி’ என்று எழுதியிருந்தால், எழுதியவருக்கே உறுதி இல்லை என்று படிப்பவர் ஒதுக்கிவிடுவார். ‘எப்போதும் குறைத்தே தருகிறீர்கள்’ போன்ற பொதுச்சொற்களும் வேண்டா. ஒரு மாதத்தை எடுத்து, அதன் நாள்களை ஒவ்வொன்றாகச் சொல்வதே வலுவானது. நாள்களை எழுதிவிட்டபின், மறுமொழி எழுதுபவர் அவற்றுள் ஒவ்வொன்றிற்கும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ சொல்லியாக வேண்டியிருக்கிறது.

சொற்றேர்வில் இன்னொன்றும் நோக்கத்தக்கது. தமிழில் ‘கணக்குக் கேட்டல்’ என்னும் தொடருக்கு ஒருவரை ஐயுற்று வினவுதல் என்ற சாயலும் உண்டு. ‘கணக்குக் காட்டுங்கள்’ என்றால் அதட்டல் போல ஒலிக்கும். ‘விவரம் வழங்குமாறு வேண்டுகிறேன்’ என்பதில் அந்த உறுத்தல் இல்லை. கேட்கப்படும் பொருளோ சிறிதும் குறையவில்லை. ‘பாக்கி’ என்ற சொல்லும் அவ்வாறே தவிர்க்கப்பட்டுள்ளது. பாக்கி உண்டா என்பதே இன்னும் தெரியாதபோது அச்சொல்லுக்கு இடமில்லை. இறுதிப் பத்தியில் உள்ள 23ஆம் நாள் என்ற கெடு, அடுத்த மாத ஊதியக் கணக்கோடு பொருத்திச் சொல்லப்பட்டிருப்பதால் மிரட்டலாகத் தோன்றாமல் வசதியாகத் தோன்றுகிறது.

வீதத்தைக் கேட்கும் பகுதியில் மூன்று சிறு வினாக்கள் உள்ளன. அவற்றுள் நடுவிலுள்ளதே நுட்பமானது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழக்கமான மணிக்கூலி என்பது அடிப்படை ஊதியத்தோடு, தொழிலாளருக்கு உரிய படிகளும் சேர்ந்தது. மிகை ஊதியமாகிய போனஸும், மிகைநேர ஊதியமும் அதில் சேரா. 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்போ ஊதியம் என்பதற்குத் தனி வரையறை தருகிறது. அதன் பொதுவான வரையறையில் அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் உண்டு. வீட்டு வாடகைப்படியும் போக்குவரத்துப்படியும் இல்லை. எனவே 200 ரூபாயா 180 ரூபாயா என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடம் இருக்கிறது. ‘எனக்கு 200 ரூபாய் வீதம் வர வேண்டும்’ என்று கடிதத்தில் அடித்துச் சொல்லாமல், எவை சேர்க்கப்பட்டன என்று கேட்டிருப்பதன் காரணம் இதுவே. மாதத்திற்கு எத்தனை நாள் என்ற வினாவும் வெறும் நுணுக்கம் அன்று. 26க்குப் பதிலாக 30 நாளால் வகுத்தால், 100 ரூபாயாக இருந்த மணிக்கூலி ஏறத்தாழ 86 ரூபாய் 67 காசாகக் குறைந்துவிடும்.

கடிதம் எந்த மொழியில் செல்ல வேண்டும்? போசரியில் மேற்பார்வையாளர் மராத்தியோ இந்தியோ படிப்பவராக இருப்பார். பல வீடுகளில் அம்மொழிகளை எழுதத் தெரிந்தவர் பள்ளியில் படிக்கும் பிள்ளையே. தந்தை தமிழில் சொல்ல, மகளோ மகனோ இந்தியில் எழுதுகையில் கோபச் சொற்கள் உள்ளே நுழைவதுண்டு; பேச்சில் உள்ள சூடு அப்படியே இறங்கிவிடுகிறது. முதலில் தமிழில் முழுமையாக எழுதி, தந்தையிடம் படித்துக் காட்டி, நாள்களையும் மணிகளையும் குறிப்பேட்டோடு ஒத்துப் பார்த்தபின் மொழிபெயர்ப்பது நல்ல முறை. கையொப்பம் இடுபவருக்குக் கடிதத்தில் உள்ள ஒவ்வொரு வரியும் தெரிந்திருத்தல் வேண்டும். மேற்பார்வையாளர் அவரை அழைத்து வினவும்போது பிள்ளை அருகில் இருக்கமாட்டார்.

கடிதத்தை இரண்டு படிகளாக எடுத்துச் செல்ல வேண்டும். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற சொல்லும் நாளும் கையொப்பமும் பெறுதல் வழக்கம். கையொப்பமிடத் தயங்கினால் வற்புறுத்த வேண்டியதில்லை. அதே கடிதத்தை ஆலையின் முகவரிக்கு அஞ்சலில் அனுப்பி, அஞ்சலகம் தரும் சீட்டைப் படியோடு இணைத்து வைத்தால் போதும். வாய்மொழியாக, ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்று விடை வந்தாலும் அந்த நாளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம். புதிய ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, குறைவான ஊதியத்திற்கான கோரிக்கையை உரிய அதிகாரியிடம் மூன்றாண்டுகளுக்குள் முன்வைக்கலாம். ஆதலால் குறிப்பேட்டையும் சம்பளச் சீட்டுகளையும் அதுவரையாவது காத்தல் நன்று.

இனி, எடுத்துக்காட்டில் உள்ள தொழிலாளருக்கு வந்த மறுமொழியைக் காண்போம். அவருடைய டோக்கன் எண்ணுக்கு எதிரே நாள்வாரியாக மணிகள் எழுதிய ஒரு தாளை நேர அலுவலகம் தந்தது. ஞாயிற்றுக்கிழமையின் 8 மணியும் அதில் இருந்தது! ஜனவரி 5, 6, 7, 12, 13, 27 ஆகிய ஆறு நாள்களுக்கு 12 மணியும் இருந்தது. 19, 20, 21 ஆகிய மூன்று நாள்களுக்கு எதிரே ஒன்றும் இல்லை. மொத்தம் 20 மணி. வீதம் 180 ரூபாய். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் மட்டும் சேர்க்கப்பட்டன. மாதத்திற்கு 26 நாள். 20ஐ 180ஆல் பெருக்கினாலும் 3,600தான்.

அவர் உறுதியாக நம்பிய ஊகம் பொய்த்தது. குறை இருந்த இடம் வேறு. அந்த மூன்று நாள்களும் வழக்கமான மேற்பார்வையாளர் விடுப்பில் சென்றிருந்த வாரம். வேறு பிரிவிலிருந்து வந்தவர் வேலையை வாங்கினார். மிகைநேரச் சீட்டில் கையொப்பமிட்டு நேர அலுவலகத்திற்கு அனுப்பவில்லை. சீட்டு வராததால் மணி ஏறவில்லை. ஆனால் வாயிற்பதிவில் அந்த மூன்று மாலைகளிலும் அவர் வெளியேறிய நேரம் 5.30க்குப் பின்னரே பதிவாகியிருந்தது. இதனைச் சுட்டி அவர் எழுதிய இரண்டாம் கடிதம் ஐந்தே வரிகள் கொண்டது: மூன்று நாள்கள், நாளுக்கு 2 மணி, மொத்தம் 6 மணி, அவர்களே தந்த 180 ரூபாய் வீதத்தில் 1,080 ரூபாய், சான்று வாயிற்பதிவு. முதற்கடிதத்தில் கேட்க முடியாத இத்தொகையை, விவரம் கையில் வந்தபின் காசு பிசகாமல் கேட்க முடிந்தது. வழக்கமான மேற்பார்வையாளர் அதே நாளில் மூன்று சீட்டுகளை எழுதி அனுப்பினார். பிப்ரவரி ஊதியத்தில் அத்தொகை ‘முன்மாத ஓ.டி.’ என்று தனி வரியாக வந்தது.

வீதம் பற்றிய வினா அவ்வளவு எளிதில் தீரவில்லை. 180க்கும் 200க்கும் உள்ள 20 ரூபாய் வேறுபாடு, 26 மணிக்கு 520 ரூபாய். அது அவர் ஒருவருடையது அன்று. ஆலையில் மிகைநேரம் பார்க்கும் அனைவருடையது. எந்தப் படிகளைச் சேர்ப்பது என்பதை மாற்றும் உரிமை மேற்பார்வையாளருக்கு இல்லை. ஆகவே அவர் அந்த வினாவை இரண்டாம் கடிதத்தில் சேர்க்காமல், வீதம் எழுதிய தாளின் படியைத் தொழிற்சங்கத்தாரிடம் கொடுத்தார்.

பயிற்சி: ஒரு தையலாலையில் பணிபுரியும் பெண் ஒருவரின் அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து 14,560 ரூபாய், பிற படிகள் இல்லை. மார்ச் மாதத்தில் அவர் 16 மணி மிகைநேரப் பணி செய்ததாகக் குறித்துள்ளார். சம்பளச் சீட்டில் ‘ஓ.டி. 1,680’ என உள்ளது. மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி எனக் கொண்டு, இத்தொகை எந்தெந்த வழிகளில் வந்திருக்கக்கூடும் என்று கண்டறிக. பின்னர், உங்கள் ஊகத்தைக் கடிதத்தில் வெளியிடாமல், மேற்பார்வையாளரிடம் விவரம் வேண்டி அவர் எழுதும் கடிதத்தை வரைக.